பார்லரில் தினசரி சுத்தத் தாள்: எழுதுவது, கையெழுத்து வாங்குவது, வாடிக்கையாளருக்குக் காட்டுவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு நாற்காலி போட்ட சின்ன லேடீஸ் பார்லர் என்னுடையது. நான் முதலில் போட்ட சுத்தத் தாளில் இருபத்திரண்டு வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்த அக்கா ஒருவர் அதை நின்று படித்துவிட்டு, "ஏம்மா, ராத்திரி கடை மூடும்போது தரை துடைச்சாச்சுன்னு இப்பவே டிக் போட்டிருக்கே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே தாளைக் கழற்றிவிட்டேன். இப்போது மாட்டியிருப்பது அதை மூன்று முறை திருத்திய பிறகு வந்த தாள்.

இங்கே பெடிக்யூர் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கருவி தோலில் படுவதும் சில சமயம் ரத்தம் வருவதும் அதில்தான் அதிகம். தாள் அதற்குச் சரியாக அமைந்துவிட்டால் மற்ற வேலைகளுக்கும் அதே முறையில் எழுதிக்கொள்ளலாம்.

1. தாளுக்கு முன்னால் வாங்க வேண்டியது

முதலில் செட்களின் எண்ணிக்கை. நகவெட்டி, க்யூட்டிகிள் புஷர், நிப்பர், ஸ்க்ரேப்பர் நான்கும் சேர்ந்தது ஒரு செட். என்னிடம் ஆறு செட் இருக்கிறது, எல்லாம் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டே செட் வைத்துக்கொண்டு எவ்வளவு அழகான தாள் மாட்டினாலும், மதியம் கூட்டம் வந்ததும் அது பொய்யாகிவிடும். ஒரு செட் கழுவி, ஸ்டெரிலைஸ் ஆகி, காய்ந்து திரும்பி வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நாற்காலியில் ஒருவர் காத்திருக்கும்போது எந்தப் பெண்ணும் ஒன்றரை மணி நேரம் பொறுக்க மாட்டாள். ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்து வந்து, தாளில் 'ஸ்டெரிலைஸ்' என்று எழுதிவிடுவாள். அப்படி நடந்தால் தப்பு என் மேல்தான்.

அடுத்து ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தமான நீராவியில் கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்யும் மிஷின். சர்ஜிகல் கடையில் கிடைக்கும் சின்னது போதும், ஆனால் பிரஷர் மீட்டர் இருக்க வேண்டும். வீட்டுக் குக்கரில் வைத்தால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெயிட் போட்ட குக்கரும் கிட்டத்தட்ட அதே அழுத்தத்துக்குத்தான் போகும். ஆனால் அதில் மீட்டர் கிடையாது, உள்ளே என்ன அழுத்தம் வந்தது என்று பார்த்து எழுத முடியாது. விசில் எண்ணிக்கையை வாடிக்கையாளருக்குக் காட்டி என்ன பயன்?

இவை போக, தானாக ஒட்டிக்கொள்ளும் ஸ்டெரிலைசேஷன் உறைகள், சோடியம் ஹைப்போகுளோரைட் (என்ன சதவீதம் என்று லேபிளில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்), 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், சமையலறை டைமர் ஒன்று, 'அழுக்கு' என்று பெரிதாக எழுதிய மூடி போட்ட டப்பா ஒன்று. 99 சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியை அழிக்கத் தண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும்.

2. வரிகளை எழுதும் விதம்

'கருவிகள் சுத்தம்' என்று ஒரு வரி போட்டால் அதற்கு எதிரே யார் வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். 'பிரஷர் 15 பவுண்டுக்கு வந்த நேரம் ____, நிறுத்திய நேரம் ____' என்று போட்டால் மீட்டரைப் பார்க்காமல் எழுத முடியாது. தாளில் ஒவ்வொரு வரியும் நேரமோ, அளவோ, எண்ணோ கேட்க வேண்டும். டிக் கட்டமே வேண்டாம்.

என் தாளில் இருப்பது ஒன்பது வரிதான். காலையில் இரண்டு: ஹைப்போகுளோரைட் கலந்த நேரம், அலமாரியில் இருக்கும் சீல் உறைகளின் எண்ணிக்கை. ஆட்டோகிளேவில் வைக்கும் ஒவ்வொரு லோடுக்கும் நான்கு: கழுவிய நேரம், உறையின் எண்கள், பிரஷர் வந்த நேரமும் நிறுத்திய நேரமும், வெளியே எடுத்தபோது உறை காய்ந்திருந்ததா ஈரமா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று: கால் டப்பில் மருந்துத் தண்ணீர், அதாவது ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீர், ஊற்றிய நேரமும் கொட்டிய நேரமும். இரவில் இரண்டு: துவைக்கப் போட்ட துண்டுகளின் எண்ணிக்கை, தரை துடைத்த நேரம்.

எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். ஆட்டோகிளேவ் இல்லாமல் தண்ணீரில் கொதிக்க வைக்கிறீர்கள் என்றால் '20 நிமிடம் கொதிக்க வைத்தது' என்றே எழுதுங்கள். கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் சில கிருமிகளின் வித்துக்கள் 100 டிகிரியிலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்டெரிலைஸ் என்றால் அந்த வித்துக்களும் சேர்த்து எல்லாம் செத்திருக்க வேண்டும். கொதிக்க வைத்ததை அப்படி எழுதினால், ஒரு நர்ஸ் வாடிக்கையாளராக வந்து படிக்கிற அன்றைக்கு மானம் போகும்.

3. கழுவுவது: புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம்

வேலை முடிந்ததும் கருவிகள் நேராக 'அழுக்கு' டப்பாவுக்குப் போக வேண்டும். டப்பாவில் சோப்புத் தண்ணீர் இருக்கும். டிரேயில் அப்படியே விட்டால் தோல் துகளும் கிரீமும் காய்ந்து பிடித்துக்கொள்ளும், அப்புறம் தேய்த்தாலும் வராது.

கையில் தடித்த ரப்பர் கிளவுஸ் போட்டு, தண்ணீருக்கு அடியில் வைத்தே பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். குழாய்க்கு நேரே பிடித்துத் தேய்த்தால் அழுக்கு முகத்தில் தெறிக்கும். நிப்பரை விரித்து, இரண்டு கைகளும் சேரும் மூட்டில் பிரஷ் போக வேண்டும். புதிதாக வந்த பெண் கழுவியதைச் சரிபார்க்க நான் முதலில் பார்ப்பது அந்த மூட்டைத்தான். வெள்ளை டிஷ்யூ பேப்பரின் முனையை மடித்து மூட்டுக்குள் விட்டு எடுப்பேன். பழுப்பாக ஏதாவது ஒட்டி வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.

இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அழுக்கு ஒரு போர்வை மாதிரி. அதற்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவி சரியாகத் தொடாது, சூட்டில் அழுக்கும் இரும்போடு சேர்ந்து வெந்துபோகும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரைகூடத் தொற்றும் நிலையில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்துக்கும் இது பொருந்தும்.

கருவியை ஹைப்போகுளோரைட்டில் ஊறப்போடும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. ஸ்டீலில் குழி குழியாக அரித்துவிடும், அந்தக் குழிகளில் அடுத்த அழுக்கு போய் உட்காரும். நம் ஊர் கடற்காற்றுக்கே இரும்பு தாங்குவதில்லை. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். போர் தண்ணீரில் அலசினால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழும், வாடிக்கையாளர் அதை அழுக்கு என்றுதான் நினைப்பார். அலசியதும் துணியால் ஒற்றி முழுக்கக் காய வைத்த பிறகே உறையில் போட வேண்டும்.

4. உறையில் போட்டு ஆட்டோகிளேவில் வைப்பது

ஒரு உறையில் ஒரு செட், நிப்பர் திறந்த நிலையில். உறையின் எண், தேதி, போட்டவரின் முதலெழுத்து மூன்றையும் பிளாஸ்டிக் பக்கத்தில் எழுதுங்கள். பேப்பர் பக்கம் வழியாகத்தான் நீராவி உள்ளே போகும், அங்கே எழுதினால் மை ஊறி உள்ளே போகலாம், முனை குத்தி ஓட்டையும் விழலாம். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தட்டு ஸ்டாண்டில் தட்டு வைப்பது போல் நிறுத்தி வையுங்கள். என் மிஷினில் மூன்று உறைதான் வசதியாக நிற்கும். நாலாவதைத் திணிப்பதில்லை.

குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் எல்லோரும் விடும் படி ஒன்று இருக்கிறது. சூடு ஏறும்போது நீராவி வால்வைத் திறந்தே வைத்து, ஆவி ஒரே சீராகப் பீய்ச்சி வரத் தொடங்கிய பிறகும் ஐந்து நிமிடம் விட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேற அந்த நேரம் தேவை. அவசரத்தில் முதலிலேயே மூடினால் காற்றும் ஆவியும் சேர்ந்து மீட்டரில் 15 காட்டும், ஆனால் சூடு 121 டிகிரிக்கு வந்திருக்காது. மீட்டரைப் பார்த்து எழுதிய நேரமும் அப்போது பொய்தான், எழுதியவளுக்கே தெரியாத பொய்.

15 பவுண்டு வந்த பிறகுதான் டைமரைத் தட்ட வேண்டும். உறையில் போட்ட கருவிக்கு 121 டிகிரியில் 30 நிமிடம். ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும் தப்பு. சூடு ஏறவே இருபது நிமிடம் போய்விடும். முடிந்ததும் பிரஷர் தானாக இறங்கட்டும், அப்புறம் மூடியை லேசாகத் திறந்துவைத்து உறைகளைக் காய விடுங்கள். ஈரமான பேப்பர் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். அதனால் ஈரமாக வந்த உறை ஸ்டெரிலைஸ் ஆகாத உறை என்றே கணக்கு. அதைப் பிரித்து, புது உறையில் போட்டு மறுபடி வைக்க வேண்டும்.

உறையில் இருக்கும் குறி நிறம் மாறிவிட்டதே என்று பெண்கள் திருப்தி ஆகிவிடுவார்கள். பெரும்பாலான உறைகளில் அந்தக் குறி சொல்வது, இது மிஷினுக்குள் போய் வந்தது என்பதை மட்டும்தான். உள்ளே கிருமி செத்ததா என்று தெரிய ஸ்போர் டெஸ்ட் உண்டு. வித்துக்கள் தடவிய ஒரு பட்டையை லோடோடு வைத்து எடுத்து, லேபில் வளர்த்துப் பார்ப்பார்கள். நான் மாதம் ஒரு முறை செய்கிறேன், அந்த ரிப்போர்ட்டும் தாளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

நீல வெளிச்சம் எரியும் யு.வி. பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த வெளிச்சம் படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். நிப்பரின் மூட்டுக்குள்ளும், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கருவிகளுக்கு அடியிலும் போகாது. சுத்தமானதை வைத்துக்கொள்ளும் பெட்டியாக இருக்கட்டும். தாளில் அதற்கு வரி கிடையாது.

5. கால் டப்

2000-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரே நெயில் சலூனுக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கட்டிகள் வந்தன. காரணத்தைத் தேடியபோது, சுழலும் கால் டப்களில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் அடைந்து கிடந்தது தெரிந்தது. கிருமி அங்கே குடியிருந்தது. மேலே பளிச்சென்று இருந்தாலும் தண்ணீர் போகும் வழி அப்படி இல்லை. அதனால் நான் மோட்டார் இல்லாத சாதாரண பேசின்தான் வைத்திருக்கிறேன். குழாயும் சல்லடையும் இல்லாததைக் கழுவுவது சுலபம்.

ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் தண்ணீரைக் கொட்டி, சோப்பு போட்டுத் தேய்த்து, அலசிவிட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. இதைத் தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும், வெயிலிலும் சூட்டிலும் வீரியம் போய்விடும். தரையிலோ டப்பிலோ ரத்தம் பட்டால் இந்தக் கலவை போதாது. 900 மில்லி தண்ணீருக்கு 100 மில்லி சேர்த்துத் தனியாகக் கலந்து, அங்கேயும் பத்து நிமிடம் விட வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறையில் மூச்சு முட்டும்.

பத்து நிமிடம் என்பதைப் புதியவர்கள் ஊற்றினோம், கொட்டினோம் என்று முடித்துவிடுவார்கள். அதனால்தான் தாளில் ஊற்றிய நேரம், கொட்டிய நேரம் இரண்டும். இரண்டு டப் இருந்தால் ஒன்று ஊறும்போது இன்னொன்றில் வேலை நடக்கும்.

கலிஃபோர்னியா விஷயத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. பெடிக்யூருக்கு முன்னால் காலில் ஷேவ் செய்துகொண்டு வந்தவர்களுக்குத்தான் கட்டி அதிகம் வந்திருந்தது. தோலில் விழும் நுண்ணிய கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடுகிறது. இப்போது நாங்கள் உட்கார வைக்கும் முன்பே, "இன்னைக்குக் கால்ல வேக்ஸ், ஷேவ் ஏதாவது பண்ணீங்களாம்மா?" என்று கேட்டுவிடுகிறோம். ஆமாம் என்றால் இரண்டு நாள் கழித்து வரச் சொல்கிறோம். ஒரு சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

6. தாளில் வராத பொருட்கள்

நெயில் ஃபைல், பஃபர், மரக்குச்சி, பியூமிக் கல் எல்லாம் ஓட்டை ஓட்டையான பொருட்கள். எதில் ஊற வைத்தாலும் உள்ளே போன அழுக்கு வராது. ஒரு ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே உடைத்துக் குப்பையில் போடுகிறோம், அல்லது வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். பிளேடும் அப்படித்தான், அது கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போகும். கண் முன்னால் உடைப்பதைத் தாளில் எழுத வேண்டியதில்லை, பார்த்தவருக்கே தெரியும்.

7. கையெழுத்து

வேலையைச் செய்தவர் செய்த நிமிடத்திலேயே எழுத வேண்டும். இன்னொருவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டாவது கையெழுத்து வெறும் அலங்காரம். நான் ஆட்டோகிளேவ் போட்ட அன்றைக்கு என் வேலையைச் சரிபார்ப்பது என்னிடம் வேலை பார்க்கும் பெண்தான். முதல் வாரம் ரொம்பக் கூச்சப்பட்டாள். "அக்கா, உங்களதை நான் எப்படி..." என்று நின்றாள். இப்போது என் உறை ஈரமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கிறாள்.

பேனா மட்டும்தான், பென்சில் கூடாது. ஒயிட்னர் பக்கமே போகக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி முதலெழுத்துப் போட வேண்டும். தாளும் பேனாவும் சிங்க்குக்குப் பக்கத்தில் கிளிப் அட்டையில் இருக்கட்டும். வரவேற்பு மேசையில் வைத்தால் எழுத நடந்து போக வேண்டும், அப்போதுதான் 'அப்புறம் எழுதிக்கலாம்' என்பது தொடங்கும்.

பெண்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது, செய்ய முடியாத வேலையின் கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதினால் திட்ட மாட்டேன், செய்யாததை எழுதினால் விட மாட்டேன். முதல் தடவை ஒரு பெண் 'டப் 6 நிமிடம்தான் ஊறியது' என்று எழுதிவைத்தபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திட்டியிருந்தால் அந்தத் தாளில் அப்புறம் பத்துக்குக் குறைந்த எண்ணே வந்திருக்காது.

8. காட்டுவது

அன்றன்றைய தாள் பெடிக்யூர் நாற்காலியில் உட்கார்ந்தால் படிக்கும் தூரத்தில், பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயர் அதில் வரக் கூடாது. யார் எப்போது வந்தார் என்பது பக்கத்து வீட்டுக்காரர் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. உறை எண் மட்டும் போதும், அதே எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுக்கிறோம். யாருக்காவது கீறல் விழுந்தால் அது தனி நோட்டில், உள்ளே இருக்கும்.

காட்டும் முறை ரொம்பச் சின்னது. சீல் உறையை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அதில் இருக்கும் எண்ணைத் தாளில் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் முன்னால் கிழிப்பது. முன்கூட்டியே கிழித்து டிரேயில் பரப்பி வைத்தால் அத்தனை வேலையும் வீண். பழைய தாள்களைத் தேதி வாரியாக ஃபைலில் போட்டு ஆறு மாதம் வைத்திருக்கிறேன். கேட்டால் எடுத்துக் கொடுப்பேன்.

9. ஒரு சனிக்கிழமை

ஞாயிறு முகூர்த்தம், அதனால் சனிக்கிழமை ஒன்பது பெடிக்யூர். காலையில் அலமாரியில் ஆறு உறை. மூன்று மிச்சம் இருக்கும்போதே அடுத்த லோடு போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பன்னிரண்டரைக்கு மூன்றாவது முடிந்தது. அந்த மூன்று செட்டும் கழுவி, 12:50-க்கு மிஷினுக்குள் போயின. 1:12-க்கு 15 பவுண்டு வந்தது, எழுதியாயிற்று. 1:30-க்குக் கரண்ட் போய்விட்டது.

பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. கரண்ட் 1:55-க்கு வந்தது, பிரஷர் மறுபடி ஏற 2:10 ஆயிற்று. மிச்சம் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் போதுமே என்று பெண் கேட்டாள். போதாது, இடையில் சூடு இறங்கிவிட்டது, முப்பதும் முதலிலிருந்து ஓட வேண்டும். 1:12-ஐ ஒரே கோடாக அடித்து, 'கரண்ட் போனது, 2:10-லிருந்து மறுபடி' என்று எழுதினாள். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். 2:40-க்கு நிறுத்தி, பிரஷர் இறங்கி, உறை காய்ந்து வெளியே வர 3:20.

இதற்குள் நாலு, ஐந்து, ஆறு மூன்றும் தீர்ந்துவிட்டன. ஏழாவதாக வந்த அம்மா மூன்று மணிக்கே உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றதும் முகம் மாறியது. காலை டப்பில் வைத்துக்கொண்டே எதிரே இருந்த தாளைப் படித்தார். "அந்தப் பதினெட்டு நிமிஷத்தைக் கணக்குல சேர்த்திருந்தா எனக்கு மூணு மணிக்கே ஆயிருக்குமில்ல?" என்றார். "ஆயிருக்கும்மா" என்றேன். மறுபடி அடித்த வரியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உறை வந்ததும், "குடு, நானே பிரிக்கிறேன்" என்று கையை நீட்டினார்.